சாம்பிள் ஒன்று, வந்த சரக்கு வேறு: வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாம்பிள் காட்டினார்கள், பிடித்தது, ஆர்டர் கொடுத்தேன். இதுவே சட்டப்படி சாம்பிள்படி விற்பனை ஆகிவிடுமா?

தானாக ஆகிவிடாது. "இந்த சாம்பிளின்படிதான் சரக்கு வரும்" என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். எழுத்தில் இருந்தால் சிக்கலே இல்லை, பர்ச்சேஸ் ஆர்டரில் "சீல் வைத்த சாம்பிளின்படி" என்று ஒரு வரி போதும். எழுத்தில் இல்லாவிட்டாலும் நடந்துகொண்ட விதத்திலிருந்தும் அந்தத் தொழிலின் வழக்கத்திலிருந்தும் அதைக் காட்டலாம். இந்தியாவின் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 17-வது பிரிவில் இதைத்தான் சொல்கிறது: வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் அது சாம்பிள்படி விற்பனை. அதற்கு மூலமான 1893-ம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்திலும் இதே வாசகம்தான்.

விற்பவர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "அது சும்மா ஒரு ஐடியாவுக்குக் காட்டினது." உண்மையிலேயே அப்படியும் இருக்கலாம். ஷோரூமில் தொங்கிய ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு அளவு, எடை, நிறம் எல்லாவற்றையும் தனியாக எழுதி ஆர்டர் கொடுத்திருந்தால், அங்கே எழுதினதுதான் பேசும், பார்த்தது பேசாது. ஆனால் சாம்பிளை உங்களிடம் கொடுத்து, நீங்கள் பார்த்து "ஓகே" சொன்ன பிறகுதான் உற்பத்தி தொடங்கியது என்றால் அது வெறும் ஐடியா என்று வாதாடுவது கஷ்டம். ஓகே சொன்ன அந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

சரி, சாம்பிள்படி விற்பனைதான். எனக்கு என்னென்ன உரிமை?

மூன்று. மொத்தச் சரக்கு தரத்தில் சாம்பிளோடு ஒத்துப்போக வேண்டும். சரக்கையும் சாம்பிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும். மூன்றாவது, சாம்பிளை நியாயமாகப் பரிசோதித்தாலும் தெரிந்திருக்காத, ஆனால் சரக்கை விற்கத் தகுதியில்லாததாக ஆக்கும் குறை எதுவும் இருக்கக் கூடாது.

முதல் இரண்டை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பெரிய சண்டைகள் ஜெயிப்பதும் தோற்பதும் அதில்தான். கீழே அதற்குத் தனியாக வருகிறேன்.

நாடு விட்டு நாடு வாங்கினால், இரண்டு நாடுகளும் 1980-ம் ஆண்டு வியன்னா விற்பனை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், நீங்கள் அதை விலக்கி எழுதியிராவிட்டால், அந்த ஒப்பந்தத்தின் 35-வது பிரிவு பொருந்தும். விற்பவர் சாம்பிளாகவோ மாடலாகவோ காட்டியதன் குணங்கள் சரக்கில் இருக்க வேண்டும் என்பது அங்கேயும் விதிதான். இந்தியாவும் இங்கிலாந்தும் அதில் சேரவில்லை என்பதால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருப்பி அனுப்பும் விஷயத்தில் நாட்டுச் சட்டத்துக்கும் வியன்னா ஒப்பந்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கையில் தடவிப் பார்த்தாலே மெலிசாகத் தெரிகிறது, அது போதாதா?

உங்களுக்குப் போதும். நாளைக்கு ஒரு நடுவர் முன்னால் போதாது. ஒரு உதாரணத்தை எடுத்து முழுக்கப் போய்ப் பார்ப்போம், அப்புறம் வரும் கேள்விகளுக்கும் இதுவே உதவும்.

சீருடை தைக்க 2,000 மீட்டர் பருத்தித் துணி, 100 மீட்டர் ரோலாக 20 ரோல். விலை மீட்டருக்கு 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். சாம்பிள் துணியின் எடை சதுர மீட்டருக்கு 180 கிராம், அதாவது துணிக்காரர்கள் பேச்சில் 180 ஜி.எஸ்.எம். வந்த துணி மெலிசாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். சாம்பிளையும் சில ரோல்களையும் ஒரே அறையில் ஓர் இரவு வையுங்கள், ஏனென்றால் பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரமான இடத்தில் இருந்த துணி கூடுதல் எடை காட்டும். பிறகு 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கட்டரால் வெட்டி எடை போடுங்கள், கிராமில் வருவதை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். சாம்பிள் வட்டம் 1.80 கிராம். ரோல் துண்டுகள் 1.60, 1.62, 1.64 என்று வருகின்றன, சராசரி 162. சாம்பிளை விட 10 சதவீதம் குறைவு.

எங்கிருந்து வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். ரோலின் மேல் சில மீட்டர் நன்றாக இருந்து உள்ளே போகப் போகத் தரம் குறைவது உண்டு, அதனால் பிரித்து நடுப்பகுதி வரை போக வேண்டும். கரையை ஒட்டி வெட்டாதீர்கள், அங்கே நெசவு நெருக்கமாக இருக்கும். ஒரே ரோலில் ஐந்து துண்டு வெட்டுவதை விட ஐந்து ரோலில் ஒவ்வொன்று வெட்டுவதுதான் நல்ல சாட்சி. ஒவ்வொரு துண்டிலும் ரோல் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். முடிந்தால் விற்பவருடைய ஆளை வரச் சொல்லி அவர் முன்னாலேயே வெட்டுங்கள். வர மறுத்தால், வரச் சொன்ன மெயிலே உங்களுக்குச் சாட்சி.

நிறம் பார்ப்பதாக இருந்தால் ஒரே வெளிச்சத்தில் நிற்க வைத்து நம்பாதீர்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் வெயிலில் வெவ்வேறாகத் தெரியலாம். இரண்டு வெளிச்சத்திலும் பார்த்து இரண்டிலும் படம் எடுங்கள்.

வித்தியாசம் ரொம்பச் சின்னது. அதற்காக மொத்தத்தையும் வேண்டாம் என்று சொல்லலாமா?

மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்? "கூடக் குறைய 5 சதவீதம்" என்று எழுதியிருந்தால் நம் உதாரணத்தில் 171-க்குக் கீழே போனால்தான் பிரச்சினை. 174 வந்திருந்தால் உங்களால் வாய் திறக்க முடியாது. 162 என்பதால் திறக்கலாம்.

எதுவும் எழுதவில்லை என்றால் அந்தத் தொழிலில் எதைச் சாதாரண ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள்? மில்லிகிராம் சுத்தமாக யாரும் நெய்ய முடியாது என்பது வாங்குபவருக்கும் தெரிந்ததுதான்.

அதையும் தாண்டி வித்தியாசம் இருந்தால், எந்தச் சட்டம்? இந்தியச் சட்டத்தில் சாம்பிளோடு ஒத்துப்போவது ஒரு நிபந்தனை, மீறினால் நிராகரிக்கலாம். இங்கிலாந்தில் 1994-ல் திருத்தினார்கள்: வியாபாரி ஒருவர் வாங்கும்போது, மீறல் நிராகரிப்பதே நியாயமில்லை என்னும் அளவுக்கு அற்பமாக இருந்தால் நஷ்டஈடு மட்டும்தான். வியன்னா ஒப்பந்தம் இன்னும் கடினம். அங்கே மீறல் அடிப்படையானதாக இருந்தால்தான் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய முடியும், இல்லாவிட்டால் விலைக் குறைப்பு, பழுது நீக்கம், நஷ்டஈடு என்றுதான் போக வேண்டும். நிராகரிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டால், உரிமையில்லாமல் சரக்கை மறுத்த குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

வந்த சரக்கு அச்சு அசல் சாம்பிள் மாதிரியே இருக்கிறது. குறையே சாம்பிளிலும் இருந்திருக்கிறது, எனக்கு அப்போது தெரியவில்லை. நான் ஏமாந்தது ஏமாந்ததுதானா?

இல்லை. மேலே சொன்ன மூன்றாவது உரிமை இதற்காகவே வந்தது, அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே பொருந்தும் என்றும் புரிந்துவிடும்.

1868-ல் மோடி - கிரெக்சன் என்று இங்கிலாந்தில் ஒரு வழக்கு. சட்டைத் துணி, சாம்பிளின்படி, ஒவ்வொரு பீஸும் 7 பவுண்டு எடை இருக்க வேண்டும். எடை சரியாக இருந்தது, சாம்பிளோடும் ஒத்துப்போனது. ஆனால் அந்த எடையைக் கொண்டுவர நூலோடு சுமார் 15 சதவீதம் சீனக் களிமண்ணை ஏற்றியிருந்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சாம்பிளைக் காட்டிவிட்டேன் என்பதாலேயே விற்பவர் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பானது.

1887-ல் டிரம்மண்ட் - வான் இன்கன் வழக்கு அன்றைக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கோட்டுத் தைக்கும் கம்பளித் துணி, சாம்பிளும் சரக்கும் ஒன்றேதான். ஆனால் நெசவில் இழைகள் நழுவும் குறை, கோட்டாகத் தைத்து உடுத்தினால் தாங்காது. சாம்பிளை வழக்கமான முறையில் பார்த்தால் அது தெரிய வாய்ப்பில்லை. வாங்கினவர் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பில் மக்நாட்டன் பிரபு சொன்னதன் சாரம் இன்றைக்கும் செல்லும்: வார்த்தையால் சொல்ல முடியாததைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் சாம்பிளின் வேலை, அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு கவனமான வியாபாரி வழக்கமாகப் பார்க்கும் முறையில் அது எவ்வளவு சொல்லுமோ அதற்கு மேல் அது சொன்னதாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, அளவுகோல் "நியாயமான பரிசோதனை". செய்யக்கூடிய எல்லாச் சோதனையும் செய்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1960-ல் காட்லி - பெர்ரி வழக்கில் பிளாஸ்டிக் கவண் ஒன்று உடைந்து ஆறு வயதுப் பையனுக்கு ஒரு கண் போனது. கடைக்காரர் தரப்பில் வாங்கும் முன் சாம்பிளின் ரப்பரை இழுத்துப் பார்த்திருந்தார்கள், அதுவே நியாயமான சோதனை என்று நீதிமன்றம் ஏற்றது. கவணை நசுக்கி உடைத்துப் பார்த்திருக்கலாமே என்ற வாதம் எடுபடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாம்பிளைச் சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறை என்றால், நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, இந்த மூன்றாவது உரிமை அந்தக் குறைக்குக் கிடையாது. சாம்பிளை வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்தவருக்கும் பிரித்துப் பார்த்தவருக்கும் ஒரே விதிதான். வாங்கினவுடனே பாருங்கள்.

சாம்பிளை லேபில் கொடுத்தால் தெரியும் ஒரு வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டி "ஒத்துப்போகவில்லை" என்று சொல்லலாமா?

அந்தத் தொழிலில் சாம்பிளை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1956-ல் ஸ்டீல்ஸ் அண்ட் பஸ்க்ஸ் வழக்கில் ரப்பர் விற்பனை. வந்த ரப்பரில் சாம்பிளில் இல்லாத ஒரு ரசாயனம் இருந்தது, அதை வைத்துச் செய்த உடுப்புகளில் கறை படிந்தது. ஆனால் அந்த வியாபாரத்தில் சாம்பிளைக் கண்ணால் மட்டுமே பார்ப்பது வழக்கம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சாம்பிளோடு ஒத்துப்போனதாகவே தீர்ப்பு, வாங்கினவர் தோற்றார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு வாங்குபவருக்கு ஒரு நேரடியான வேலை வைக்கிறது என்று தோன்றும்: உங்களுக்கு ரசாயனமோ, துவைத்தால் சுருங்குவதோ, சாயம் போவதோ முக்கியம் என்றால் சாம்பிளை மட்டும் நம்பாதீர்கள். "மூன்று முறை துவைத்த பிறகு 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது" என்று எழுத்தில் கேளுங்கள். அப்போது சாம்பிளை விட்டுவிட்டு அந்த வரியை வைத்தே சண்டை போடலாம்.

பில்லில் ஒரு பொருளின் பெயர், வந்தது கலப்படம். கேட்டால் "சாம்பிளும் அப்படித்தானே இருந்தது" என்கிறார்.

சாம்பிளும் வேண்டும், பெயரும் வேண்டும். இரண்டையும் சொல்லி விற்றால் இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் 15-வது பிரிவு. 1854-லேயே நிக்கல் - காட்ஸ் வழக்கில் இது தீர்ந்துபோன விஷயம்: சுத்திகரித்த ரேப் எண்ணெய் என்ற பெயரில், "சாம்பிளுக்குச் சமம் என்ற உத்தரவாதம் மட்டும்" என்று எழுதி விற்றார்கள். சாம்பிளிலும் சரக்கிலும் வேறு எண்ணெய் கலந்திருந்தது. வாங்கினவர் மறுத்தது சரி என்றார்கள். பெயரால் சொன்னதைச் சாம்பிளைக் காட்டி மாற்ற முடியாது.

சரக்கை எங்கே வைத்துப் பார்க்கணும்? நான் பிரிக்காமலேயே என் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன், அவர்தான் குறை சொல்கிறார்.

இது ஆபத்தான இடம். வேறு எதுவும் பேசியிராவிட்டால், சரக்கு டெலிவரி ஆகும் இடம்தான் சோதிக்கும் இடம். 1893-ல் பெர்கின்ஸ் - பெல் வழக்கில் பார்லி சாம்பிளின்படி விற்று ஒரு ரயில் நிலையத்தில் டெலிவரி. வாங்கினவர் அங்கே பார்க்காமல் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பினார், அவர் மறுத்ததும் இவர் மறுத்தார். நிலையத்திலேயே பார்த்திருக்க வேண்டும், இனி நிராகரிக்க முடியாது என்று தீர்ப்பு. நஷ்டஈடு கேட்கும் உரிமை வேறு, அது தனியாக நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் கதை மாறும். 1872-ல் ஹைல்பட் - ஹிக்சன் வழக்கில் ராணுவக் காலணிகள், சாம்பிளின்படி. கப்பலேற்றும் முன் சோதித்து ஓகே சொன்னார்கள், பிரான்சுக்குப் போன பிறகு அடித்தோலுக்குள் காகிதம் வைத்துத் தைத்திருந்தது தெரியவந்தது. வெளியே பார்த்தால் தெரிய வழியே இல்லை, அதனால் அங்கேயும் நிராகரிக்கலாம் என்றார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் சரக்கு எங்கே விழுகிறது என்று யோசியுங்கள். ரோலைப் பிரித்து வட்டம் வெட்டினால் தெரிந்திருக்கும் எடைக் குறைவு பார்லி வகை. நேரே வாடிக்கையாளருக்குத்தான் போகும் என்று முன்பே தெரிந்தால், "சோதனை வாடிக்கையாளர் இடத்தில்" என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் பணத்தை இழந்தவர்கள் நிறைய.

எதைச் செய்தால் திருப்பும் உரிமை போய்விடும்?

"ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்னால் போய்விடும். சரக்கு உங்களுடையது என்பதுபோல் நடந்துகொண்டால் போய்விடும். எதுவும் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலும் போய்விடும்.

இதில் இரண்டாவதுதான் ஆட்களைக் கவிழ்க்கிறது. துணி மெலிசு என்று தெரிந்த பிறகும் "வேலை நிற்கக் கூடாது" என்று நாலு ரோலைத் தையலுக்கு வெட்டிவிட்டால், அந்த நாலு ரோலும் இனி திரும்பாது. இந்தியச் சட்டத்தில் ஒப்பந்தம் பிரிக்க முடியாததாக இருந்தால், ஒரு பகுதியை ஏற்றாலே மீதிக்கும் திருப்பும் உரிமை போய், நஷ்டஈடு மட்டும்தான். இங்கிலாந்தில் 1994 திருத்தத்துக்குப் பிறகு நல்லதை வைத்துக்கொண்டு மோசமானதை மட்டும் மறுக்க முடிகிறது. சோதனைக்காகச் சிறு துண்டு வெட்டுவது ஏற்பு ஆகாது, அதற்குப் பயப்பட வேண்டாம். சோதிக்கத் தேவையான அளவுக்கு மேல் வெட்டாதீர்கள்.

நியாயமான காலம் எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்ல முடியாது. அழுகும் சரக்குக்கு மணிக்கணக்கு, இயந்திரத்துக்கு அதை ஓட்டிப் பார்க்கும் காலம். வியன்னா ஒப்பந்தத்தில் முடிந்தவரை சீக்கிரம் சோதிக்க வேண்டும், குறை தெரிந்ததிலிருந்தோ தெரிந்திருக்க வேண்டியதிலிருந்தோ நியாயமான காலத்துக்குள் என்ன குறை என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், எப்படிப் போனாலும் சரக்கு கைக்கு வந்து இரண்டு வருடம்தான் வெளி எல்லை. அங்கே நோட்டீஸைத் தவறவிட்டால் பொதுவாக நஷ்டஈடு உரிமையும் சேர்ந்தே போகும், அதுதான் பெரிய வித்தியாசம்.

"சரக்கு சரியில்லை, பார்த்துப் பண்ணுங்க" என்ற மெசேஜ் நோட்டீஸ் ஆகாது. இப்படி எழுதலாம்: "20 ரோலில் 5 ரோலைச் சோதித்தோம், சராசரி 162, சீல் சாம்பிள் 180. சாம்பிளோடு ஒத்துப்போகாததால் 20 ரோலையும் நிராகரிக்கிறோம். சரக்கு எங்கள் கிடங்கில் தனியாக, தொடாமல் இருக்கிறது. எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்." டெலிவரி சலானில் கையெழுத்துப் போடும்போது "சோதனைக்கு உட்பட்டது" என்று எழுதிப் போடுவதும் நல்ல பழக்கம்.

திருப்பி அனுப்பும் லாரி வாடகை யார் தலையில்?

உரிமையோடு நிராகரித்திருந்தால் உங்கள் தலையில் இல்லை. இந்தியச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்குபவருக்கு இல்லை, ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். ஆனால் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், மழையில் போட்டுவிட்டு "உன் சரக்குதானே" என்றால் அந்தச் சேதத்துக்கு உங்களைக் கேட்பார்கள். வியன்னா ஒப்பந்தம் நியாயமான பாதுகாப்பைக் கடமையாகவே வைக்கிறது, அதற்கான செலவு கிடைக்கும் வரை சரக்கைப் பிடித்துவைக்கவும் விடுகிறது.

வேறு துணி கிடைக்க ஒரு மாதம் ஆகும். வந்ததையே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொன்னால் எவ்வளவு கேட்கலாம்?

கணக்கு போட இரண்டு வழி, இரண்டும் ஒரே தொகை தராது.

நம் 2,000 மீட்டருக்கே வருவோம். ஒப்பந்த விலை மீட்டருக்கு 100. டெலிவரி நாளில் சந்தை ஏறியிருக்கிறது, சாம்பிள் மாதிரியான 180 துணி 110-க்குப் போகிறது, வந்த 162 துணிக்கு 88 கிடைக்கும். நஷ்டஈடு வழியில் இந்த இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், மீட்டருக்கு 22, மொத்தம் 44,000. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இதை விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

வியன்னா ஒப்பந்தத்தின் விலைக் குறைப்பு வழி விகிதத்தைப் பார்க்கிறது. 88 என்பது 110-ல் 80 சதவீதம், ஆகவே நீங்கள் தர வேண்டியதும் ஒப்பந்த விலையில் 80 சதவீதம், குறைப்பு 40,000. சந்தை ஏறினால் நஷ்டஈடு வழி லாபம்.

இப்போது சந்தை விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: நல்லது 90, வந்தது 72. நஷ்டஈடு மீட்டருக்கு 18, மொத்தம் 36,000. விகிதம் அதே 80 சதவீதம், குறைப்பு 40,000-லேயே நிற்கும். அதனால் விலை பேச உட்காரும் முன் டெலிவரி நாள் சந்தை விலைக்கு இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பேசினால் "பத்து சதவீதம் எடை குறைவு, பத்து சதவீதம் விலை குறைக்கிறேன்" என்று விற்பவர் சொல்லும் கணக்கில் விழுந்துவிடுவீர்கள். எடை பத்து சதவீதம் குறைந்தால் மதிப்பும் பத்து சதவீதம்தான் குறையும் என்று எந்த விதியும் இல்லை. நம் உதாரணத்தில் அது இருபது.

"சாம்பிள் தோராயமானது, சரக்கு மாறுபடலாம்" என்று இன்வாய்ஸ் அடியில் அச்சடித்திருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

எப்போது அச்சடித்தார்கள் என்று பாருங்கள். ஆர்டர் உறுதியான பிறகு, சரக்கோடு வந்த இன்வாய்ஸில்தான் முதன்முதலாக அந்த வரி இருந்தால், அதற்கு முன்பே முடிந்துபோன ஒப்பந்தத்தில் அதை நுழைப்பது கடினம். ஆர்டருக்கு முன் வந்த கொட்டேஷனிலேயே இருந்தால் அதற்கு பலம் உண்டு, ஏனென்றால் வியாபாரிகளுக்குள் இந்த உரிமைகளை ஒப்பந்தத்தால் குறைக்க முடியும். ஆனாலும் "மாறுபடலாம்" என்ற வார்த்தை இயல்பான சின்ன மாறுதலைத்தான் தாங்கும் என்று வாதாட இடமிருக்கிறது, வேறு சரக்கையே தள்ளிவிட அது லைசென்ஸ் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் நுகர்வோருக்குப் பல நாடுகளில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. உதாரணத்துக்கு இங்கிலாந்தின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், காட்டிய சாம்பிளோடு ஒத்துப்போகாத சரக்கை முதல் 30 நாளுக்குள் திருப்பிப் பணம் வாங்க வழி தருகிறது, இந்த உரிமையை விற்பவர் எழுதி நீக்க முடியாது.

சாம்பிளே இப்போது என்னிடம் இல்லை. தைத்துப் பார்க்கக் கொடுத்து அது போய்விட்டது.

விற்பவரிடம் ஒரு பாதி இருக்குமே, முதலில் அதை எழுத்தில் கேளுங்கள், நிராகரிப்பு நோட்டீஸ் அனுப்பும் முன்பே கேட்பது நல்லது. அவரிடமும் இல்லை என்றால் சாம்பிள் வந்தபோது எடுத்த படம், கூரியர் ரசீது, அதை அளந்து நீங்கள் அனுப்பிய மெயில், தைத்துப் பார்த்த உடுப்பு, எதுவானாலும் எடுத்து வையுங்கள். அந்த உடுப்பின் ஒரு தையல் மடிப்பிலிருந்து ஒரு துண்டு வெட்ட முடிந்தாலே எடை தெரிந்துவிடும், துவைக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் இல்லை என்றால், சாம்பிளை விட்டுவிட்டு ஆர்டரில் எழுதிய விவரத்தையும் சரக்கின் பொதுவான தரத்தையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும், வழக்கு பலவீனமாகும்.

அடுத்த ஆர்டருக்கு சாம்பிளை மூன்றாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே இரண்டு பேரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம், மூன்றாவது இருவருக்கும் பொதுவான ஒரு புரோக்கரிடமோ சோதனைக் கூடத்திடமோ. சாயம் போகும் சரக்காக இருந்தால் கவர் கறுப்பாக இருக்கட்டும், வெளிச்சம் படக் கூடாது. தைத்துப் பார்க்கத் தனியாக நாலாவது துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.